சுட்டி எந்தப் பக்கம்?

(வளர்ப்பவரையும் நாயையும் இரண்டு தனித்தனிப் படங்களிலிருந்து ஒரே ஓவியத்தில் உட்கார வைப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும், இந்த ஓவியர் சொன்னவையும்.)

கறுப்பிக்கு அம்மா, கோவில்பட்டி: என் படம் ஒன்று, என் கன்னி நாயின் படம் ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓவியமாக வரைவதில் என்ன கஷ்டம்? வெட்டி ஒட்டுகிற வேலைதானே?

வெட்டி ஒட்டியதைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். துபாயிலிருந்து வர முடியாத மாமாவை குரூப் போட்டோவின் மூலையில், மேகம் போன்ற வட்டத்துக்குள் மிதக்க விட்டிருப்பார்கள். மாமாவின் முகம் மாமாவின் முகம்தான். ஆனால் அவர் கல்யாணத்துக்கு வரவில்லை என்பது குழந்தைக்கும் தெரியும்.

உங்கள் இரண்டு படங்களிலும் வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கேமரா இருந்த உயரம் வேறு. கேமரா இருந்த தூரமும் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். அதே நேரத்தில் உங்கள் முகம், கறுப்பியின் முகம், அவள் மேலுள்ள பொட்டு, சுட்டி எதுவும் இம்மியும் நகரக் கூடாது. மாற்ற வேண்டியது எது, தொடக் கூடாதது எது என்று பிரிப்பதுதான் வேலையே. வரைவது அதற்குப் பிறகு.

செல்ஃபி பிரியை, தாம்பரம்: நானும் என் லாப்ரடாரும் எடுத்த செல்ஃபியிலிருந்து வரைந்தால் என்ன? அதில் அவன் மூக்கு மட்டும் உளுந்து வடை அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வடைக்குக் காரணம் நாய் இல்லை, உங்கள் கை நீளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து கேமரா 30 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பெரிய நாய்க்குக் கண்கள் மூக்கு நுனியிலிருந்து சுமார் 12 செ.மீ. பின்னால் இருக்கும். அப்படியானால் கேமராவுக்குக் கண் 42 செ.மீ. தூரம். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், கண்ணோடு ஒப்பிட்டால் மூக்கு 1.4 மடங்கு வீங்கிப்போகிறது. அதே நாயை 2 மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். 200, 212 என்று ஆகிவிடும். வித்தியாசம் நூற்றுக்கு ஆறுதான், கண்ணை உறுத்தாது.

மனித முகத்தில் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவே அவ்வளவு ஆழம் கிடையாது. அதனால் ஒரே செல்ஃபியில் நீங்கள் கொஞ்சம் கெடுகிறீர்கள், நாய் நிறையக் கெடுகிறது. லென்ஸைத் திட்டாதீர்கள், இது தூரம் செய்யும் வேலை. நாலு எட்டுப் பின்னால் போய், போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

அவசரக்காரர், ஈரோடு: சுருக்கமாகச் சொல்லுங்கள். ஓவியருக்கு என்னென்ன படம் அனுப்ப வேண்டும்?

உங்களுடையது ஒன்று நன்றாக இருந்தால் போதும். நாய்க்கு ஐந்து: நேர்முகம், இடப்பக்கம், வலப்பக்கம், நெஞ்சு, முழு உடம்பு. வெயிலில் வேண்டாம். திண்ணையிலோ வாசல் நிழலிலோ காலை வெளிச்சத்தில் எடுங்கள். நாயை எடுக்கும்போது நீங்கள் குத்துக்காலிட்டு, கேமராவை அதன் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் நடுமண்டை பெரிதாகவும் கால்கள் குச்சியாகவும் வரும். அந்த நாயை உங்கள் நேர்முகப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால், நீங்கள் தரையில் உட்கார்ந்திருப்பீர்கள், நாய் கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.

சந்தேகி, திண்டுக்கல்: படம் கைக்கு வந்ததும் முதலில் என்ன பார்ப்பீர்கள்? கண்ணையா, மூக்கையா?

முந்தானையை.

சிரிக்காதீர்கள், இது பட்டுத் தெரிந்துகொண்டது. முன்பு ஒரு பெண்மணி தன் கறுப்பு நாயோடு ஓவியம் கேட்டார். நாய்க்கு நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி. நடுவிலிருந்து சற்று விலகி, இடது கண்ணை நோக்கி வாலை நீட்டியிருக்கும். இரண்டு வாரம் வேலை. மயிர் மயிராக வரைந்து கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நல்லா இருக்குங்க. ஆனா இது எங்க மணி இல்ல, மணிக்கு அண்ணன் மாதிரி இருக்கு” என்றார்.

கோளாறு எங்கே என்று தேடினால், அவர் அனுப்பிய நாயின் படம் போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்தது. சில போன்கள் அதைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றியே சேமித்துவிடும். இடது கண் பக்கம் போக வேண்டிய வால், என் ஓவியத்தில் வலது கண் பக்கம் போயிருந்தது. வேறு ஒருவருக்கு அது தெரிந்திருக்காது. தினமும் அந்த நெற்றியைத் தடவுகிறவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து வழக்கம் இது: பெண்ணின் படத்தில் சேலையின் முந்தானை இடது தோளில் இருக்கிறதா, மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டுச் சரிபார்ப்பேன். சட்டையில் எழுத்து இருந்தால் அது நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். நாய்க்கு முந்தானை கிடையாதே! அதற்கு வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு, “நாய்க்குப் பின்னால் நின்று, அது பார்க்கும் பக்கமே நீங்களும் பாருங்கள். உங்கள் எந்தக் கைப் பக்கம் சுட்டி இருக்கிறது?” என்று கேட்பேன். “எனக்கு இடமா, அதற்கு இடமா” என்ற குழப்பம் அதோடு தீரும்.

உடம்பைக் குறைக்க நினைப்பவர், மதுரை: ஓவியத்தில் என் முகத்தை மட்டும் கொஞ்சம் ஒல்லியாக்க முடியுமா அண்ணே?

முடியும்மா. ஆனால் பக்கத்தில் இருப்பவனும் அதே அளவுகோலில்தான் இருக்கிறான். நீங்கள் இளைத்தால் அவன் தலை பருக்கும்.

கணக்கு வாத்தியார், தஞ்சாவூர்: அளவுகோல் என்கிறீர்கள். இரண்டு படங்களும் வேறு வேறு நாளில் எடுத்தவை. நாயின் தலை வளர்ப்பவர் தலையில் எத்தனை பங்கு என்று எப்படித் தெரியும்?

கழுத்துப்பட்டை சொல்லும், சார். பட்டையின் அகலத்தை வீட்டில் டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்வேன். 2.5 செ.மீ. என்று வையுங்கள். பக்கவாட்டுப் படத்தின் பிரதியில் அந்தப் பட்டை 5 மி.மீ. அகலம் இருக்கிறது; மூக்கு நுனியிலிருந்து பிடரி முட்டு வரை தலை 48 மி.மீ. நீளம் இருக்கிறது. ஐந்து மி.மீ. என்பது உண்மையில் 2.5 செ.மீ. என்றால், 48 மி.மீ. என்பது 24 செ.மீ.

அடுத்து, நாயை வளர்க்கும் பெண்ணின் தலை. மோவாய் முதல் உச்சி வரை 22 செ.மீ. என்று அளந்து சொல்கிறார். ஓவியத்தில் அதை 11 செ.மீ. உயரத்துக்கு வரைகிறேன், அதாவது நேர் பாதி. ஆகவே நாயின் தலை 12 செ.மீ. இது இருவரும் பக்கம் பக்கமாக, பார்ப்பவரிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்போதும், நாய் பக்கவாட்டில் திரும்பி இருக்கும்போதும்தான். நம்மை நோக்கித் திரும்பிய தலையில் நீளம் மடங்கிவிடும். அப்போது காதுக்குக் காது உள்ள அகலத்தை வைத்து இதே கணக்கைப் போட வேண்டும்.

இந்தக் கணக்குப் போடாத ஓவியங்களை உடனே கண்டுபிடிக்கலாம். நாட்டு நாய் கன்றுக்குட்டி அளவுக்கு இருக்கும், இல்லையென்றால் லாப்ரடார் மடிப் பொம்மையாகிவிடும்.

மின்சார வாரிய ஓய்வு, சேலம்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று படத்தைப் பார்த்தே எப்படிச் சொல்கிறீர்கள்?

கண்ணுக்குள் எட்டிப் பார்த்து. கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும் பாருங்கள், அதுதான் விளக்கின் விலாசம். கடிகார முள் போல வாசித்துக்கொள்ளலாம். பத்து மணி இடத்தில் பொட்டு இருந்தால் வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்து வருகிறது. பொட்டு சதுரமாக இருந்தால் ஜன்னல். நடு மையத்தில் சின்னதாகக் குத்தியிருந்தால் கேமராவின் ஃபிளாஷ்.

பெண்ணின் கண்ணில் பத்து மணி, நாயின் கண்ணில் இரண்டு மணி என்று வந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். நான் பெண்ணின் வெளிச்சத்தைத் தொடுவதில்லை. மனித முகத்தில் மூக்கு நிழல் நூல் அளவு இடம் மாறினாலும் வேறு ஆளாகிவிடும். நம் கண் அதில் அவ்வளவு பழகியது. நாயின் உடம்பில் நிழலை மாற்றி வைத்தால் அது அதே நாயாகவே இருக்கும். ஒரு நிபந்தனை உண்டு: எது நிழல், எது மயிரின் நிறம் என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருக்க வேண்டும்.

விடாக்கண்டி, நாகர்கோவில்: அதைத்தான் கேட்க வந்தேன். செவலை நாயின் கழுத்தில் கருமையாக இருந்தால் அது நிழலா, நிறமா?

நல்ல கேள்வி, இந்த வேலையின் உயிரே இதுதான். ஒரே படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. வேறு வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படத்தைப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் கருமை இருந்தால் நிறம். ஒன்றில் இருந்து இன்னொன்றில் காணாமல் போனால் நிழல். அந்த ஐந்தோடு இப்படி ஒன்றையும் சேர்த்துக் கேட்பேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நிழலே இல்லாமல் நாயின் தலையைக் கோட்டுப்படமாக இரண்டு பக்கமும் போடுவேன். அதில் அடையாளங்களை மட்டும் குறிப்பேன். ‘சுட்டி நெற்றியின் நடுவில் தொடங்கி, இடது கண்ணின் உள் மூலைக்கு ஒரு விரல் மேலே முடிகிறது.’ ‘வலது புருவப் பொட்டு இடதை விடச் சிறியது.’ ‘நெஞ்சு வெள்ளை பட்டைக்குக் கீழே தொடங்கி இடது தோள் பக்கம் ஒதுங்குகிறது.’ இடத்தை எப்போதும் உறுப்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ‘படத்தின் ஓரத்திலிருந்து இத்தனை செ.மீ.’ என்று அளந்து வைத்தால், தலையைக் கொஞ்சம் திருப்பி வரைந்ததுமே அந்தக் கணக்குக் கவிழ்ந்துவிடும். கண் மூலையோடு கட்டி வைத்த அடையாளம் தலை திரும்பும்போது தானும் கூடவே திரும்பும்.

இன்னொன்று, அடையாளத்தின் ஓரம் கத்தரித்தது போல இருக்காது. அங்கே வெள்ளை மயிர் கறுப்பு மயிரின் மேல் படிந்திருக்கும். மயிர் மூக்கிலிருந்து பின்னோக்கிப் படியும், நெற்றியில் மேல்நோக்கி ஏறும், நெஞ்சில் சுழி போடும். அந்தப் போக்கிலேயே ஓரத்தை உடைக்க வேண்டும். கோடு போட்டு நிரப்பினால், நாய்மேல் சுண்ணாம்பு சிந்தியது போல இருக்கும்.

பெருமைக்காரர், இராஜபாளையம்: எங்கள் ஊர் நாய் முழு வெள்ளை. புள்ளியும் கிடையாது, சுட்டியும் கிடையாது. சுலபமாக வரைந்துவிடலாம்தானே?

2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது உங்கள் ஊர்க்காரரும் அதில் ஒருவர். பெருமை நியாயம்தான். சுலபம் என்பது மட்டும் நியாயமில்லை.

புள்ளி இல்லாத நாய்க்கு முகமே அடையாளம். இளஞ்சிவப்பு மூக்கின் வடிவம், அதில் எங்காவது ஒரு கறுப்பு மச்சம், கண்ணைச் சுற்றிய தோலின் நிறம், காது மடிகிற கோணம் இவையெல்லாம் தப்பக் கூடாது. கூடவே, வெள்ளை நாய் தனக்கென்று நிறம் வைத்துக்கொள்ளாது. பக்கத்தில் இருப்பதை வாங்கிக்கொள்ளும். நீங்கள் அரக்குச் சேலையில் உட்கார்ந்தால், உங்கள் பக்கம் இருக்கும் அதன் விலா லேசாகச் சிவக்கும். நிழல் பக்கம் வானத்தின் நீலம் ஏறும். தனிப் படத்தில் அது புல்தரையில் நின்றிருந்தால் வயிற்றில் பச்சை இருக்கும். அந்தப் பச்சையை அப்படியே கொண்டுவந்து சேலைக்குப் பக்கத்தில் வைத்தால், மேகவட்டத்து மாமா மறுபடி வந்துவிடுவார்.

குழம்பியவர், புதுக்கோட்டை: என் நாய் அட்டைக் கறுப்பு. போனில் சாம்பலாக வருகிறது. இரவில் எடுத்தால் கண் பச்சையாக எரிகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பாதீர்கள். சட்டம் முழுக்கக் கறுப்பு நிறைந்தால், கேமரா ‘இருட்டாக இருக்கிறது போல’ என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கறுப்பு சாம்பலாகும். திரையில் நாயின் மேல் விரல் வைத்து வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். பச்சை நெருப்பு, நாயின் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் படலத்தில் ஃபிளாஷ் பட்டுத் திரும்புவது. நாயின் கண் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணின் நிறத்தைப் பகல் படத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சிரிப்பழகி, புதுச்சேரி: என்னிடம் இருப்பது வாய் மூடிய படம். நாக்கைத் தொங்கவிட்டுச் சிரிப்பது போல மாற்றித் தர முடியுமா?

வாய் திறந்தால் உதட்டோரம் பின்னால் போகும், கன்னம் மடியும், காது இறங்கும், கண் சுருங்கும். அத்தனையும் நான் கற்பனை செய்தால் வருவது ஏதோ ஒரு சிரிக்கும் நாய். உங்கள் நாய் சிரித்த படம் ஒன்று கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம். மூடிய வாய்க்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

பெயர் வேண்டாம், திருச்சி: எங்கள் நாய் போன வருஷம் போய்விட்டது. ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அதில் இடப்பக்கம் மட்டும் தெரிகிறது. என்னோடு சேர்த்து வரைய முடியுமா?

முடியும். இங்கே சட்டம் தலைகீழாகும். நாயின் படத்தில் எதையும் மாற்றக் கூடாது. தலையின் சாய்வு, வெளிச்சம், கேமரா உயரம் எல்லாம் அது சொன்னபடியே. புதிதாக எடுக்க முடிந்தது உங்கள் படம்தானே? நாயின் கண்ணில் மின்னும் பொட்டைப் பார்த்து, அதே பக்கம் ஜன்னல் வரும்படி நீங்கள் உட்கார்ந்து, அதே உயரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அதனிடம் போக வேண்டும்.

தெரியாத வலப்பக்கத்தை யாரும் கற்பனையில் நிரப்ப வேண்டாம். உங்கள் கை அந்தப் பக்கத்தை அணைத்திருக்கட்டும். குட்டியாக இருந்தபோது எடுத்த படம் இருந்தால், காது, கண் ஓரம் போன்றவற்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். மயிர் நிறத்துக்கு அதை நம்ப முடியாது. டால்மேஷன் குட்டி பிறக்கும்போது புள்ளியே இல்லாத வெள்ளை. பல நாய்களின் நிறம் வளரும்போது மாறும். வயதான பிறகு முகவாயில் ஏறிய நரையை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள். அது உங்கள் வீட்டில் ஏறிய நரை.

கைவேலைக்காரி, காஞ்சிபுரம்: எல்லாம் சரியாக இருந்தும் சில ஓவியங்களில் இருவரும் ஒட்டாமல் நிற்கிறார்களே, ஏன்?

இருவரும் தொடும் இடத்தில் ஒன்றுமே நடக்காததால். கழுத்தில் கை வைத்தால் விரல்கள் மயிருக்குள் கொஞ்சம் புதைய வேண்டும். நாலு மயிர் விரலின் மேல் ஏற வேண்டும். விரலுக்குக் கீழே மெல்லிய கறுப்பு நிழல் வேண்டும். நாய் சாய்ந்தால் சேலை மடிப்பு நசுங்க வேண்டும். இதில் எதுவுமே இரண்டு படங்களிலும் இருக்காது. அதனால் அந்த இடத்துக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு படம் எடுக்கச் சொல்வேன்: வேறு எந்த நாயின் மேலாவது அதே கையை வைத்து. அந்த நாயின் மயிர் நீளம் மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

அரட்டை, வேலூர்: ஓவியம் சரியாக வந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வீர்கள்? நாயிடம் காட்டுவீர்களா?

முதலில் தலைகீழாக வைத்துப் பார்ப்பேன். அளவுப் பிழை அப்போது தானே கத்தும். பிறகு பெண்ணின் முகத்தைக் கையால் மறைத்து, கோட்டுப்படத்தை வைத்துக்கொண்டு நாயின் அடையாளங்களை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணுவேன். பிறகு நாயை மறைத்து முகத்தைப் பார்ப்பேன். கடைசியில் வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டுவேன். எந்தப் பெண்மணியும் முதலில் தன் முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கண் நேராகச் சுட்டிக்குப் போகும். அங்கே ஒரு நொடி நின்று, அமைதியாகி, அதற்குப் பிறகுதான் “நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?” என்று வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் ஓவியம் தேறிவிட்டது.

நாயிடமும் காட்டினேன், மணியிடம்தான், சுட்டியைத் திருத்திக் கொண்டுபோன அன்று. மோந்து பார்த்தது, டர்பன்டைன் வாடைக்கு ஒரு தும்மல் போட்டது, போய் அம்மாவின் காலடியில் படுத்துக்கொண்டது. இடப்பக்கம்.